தீர்ப்பு வரும் முன் எந்த எக்ஸ்பைரி? ஐ.வி. வரிசையும் ஸ்க்யூவும் காட்டும் விடை

ஒரே பங்கு, ஒரே ஸ்ட்ரைக். ஐந்து வர்த்தக நாளில் முடியும் ஆப்ஷனின் ஐ.வி., அதாவது அதன் விலைக்குள் சந்தை வைத்திருக்கும் எதிர்பார்ப்பு ஆட்டம், வருடக் கணக்கில் 24 சதவீதம். பத்து நாளில் முடிவதற்கு 46. முப்பது நாளில் முடிவதற்கு 36, எழுபத்தைந்து நாளில் முடிவதற்கு 30. இந்த நான்கு எண்களைத் திரையில் பார்க்கிறவர்களில் பலர் உடனே சொல்வது, "பத்து நாள் ஆப்ஷன் விலை அதிகம், முப்பது நாள் ஆப்ஷன் மலிவு, முன்னதை விற்றுப் பின்னதை வாங்கலாம்" என்பதுதான். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு. 46-க்கும் 36-க்கும் நடுவில் மலிவும் இல்லை, அதிக விலையும் இல்லை. ஒரு தேதி இருக்கிறது.

கணக்குக்காக நானே அமைத்துக்கொண்ட உதாரணம் இது. பங்கின் விலை 100. அந்த நிறுவனத்தின் மீது ஒரு காப்புரிமை வழக்கு நடக்கிறது. இன்றிலிருந்து எட்டாவது வர்த்தக நாளில் தீர்ப்பு. ஐந்து நாள் எக்ஸ்பைரி தீர்ப்புக்கு முன்பே முடிந்துவிடும். மற்ற மூன்றும் தீர்ப்பைத் தாண்டிப் போகும். இந்த ஆப்ஷன்களில் ஒன்றை வாங்கவோ விற்கவோ போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நான் கொடுக்கும் பிரீமியத்தில் எவ்வளவு அந்த ஒரே நாளுக்குப் போகிறது?" என்பது.

அதற்கு விடை காண ஐ.வி.யை நேரடியாகக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. ஐ.வி. என்பது ஆப்ஷனுக்கு மிச்சமிருக்கும் எல்லா நாட்களின் சராசரியை வருடக் கணக்குக்கு மாற்றிய எண். கூட்டல் கழித்தலுக்கு ஒத்து வருவது அதன் வர்க்கம், அதாவது வேரியன்ஸ். ஒவ்வொரு நாளும் தன் பங்கு வேரியன்ஸைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆப்ஷனின் ஆயுள் முழுக்கச் சேரும் மொத்தம்தான் விலையைத் தீர்மானிக்கிறது. வருடத்துக்கு 252 வர்த்தக நாள் என்று வைத்தால், 24 ஐ.வி. உள்ள சாதாரண நாள் ஒன்று பங்கை ஏறக்குறைய 1.5 சதவீதம் நகர்த்தும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்று பொருள்.

ஐந்து நாள் எக்ஸ்பைரிக்குள் தீர்ப்பு இல்லை. எனவே அதன் 24-ஐச் சாதாரண நாளின் அளவாக எடுத்துக்கொள்ளலாம். பத்து நாள் எக்ஸ்பைரிக்குள் ஒன்பது சாதாரண நாளும் ஒரு தீர்ப்பு நாளும் இருக்கின்றன. மொத்தத்திலிருந்து ஒன்பது நாளைக் கழித்தால் மிஞ்சுவது தீர்ப்பு நாளுடையது.

```
தீர்ப்பு நாள் வேரியன்ஸ் = (0.46² × 10 − 0.24² × 9) / 252 ≈ 0.00634
√0.00634 ≈ 0.08
```

ஆக, அந்த ஒரு நாளுக்கு மட்டும் சந்தை 8 சதவீத நகர்வை விலையில் ஏற்றி வைத்திருக்கிறது. சாதாரண நாளின் ஐந்து மடங்குக்கும் மேல். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. கால் என்ற வாங்கும் உரிமையும் புட் என்ற விற்கும் உரிமையும் ஒரே ஸ்ட்ரைக்கில் சேர்ந்ததுதான் ஸ்ட்ராடில். பலர் பத்து நாள் ஸ்ட்ராடிலின் விலையைப் பங்கு விலையால் வகுத்து, வரும் எண்ணையே நிகழ்வின் நகர்வு என்கிறார்கள். நம் உதாரணத்தில் ஸ்ட்ராடில் சுமார் 7.3. அந்த 7.3-க்குள் ஒன்பது சாதாரண நாட்களும் கலந்திருக்கின்றன. அதோடு ஸ்ட்ராடில் விலை காட்டுவது சராசரி நகர்வை, நாம் மேலே கண்டது ஸ்டாண்டர்ட் டீவியேஷனை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்ணாக இருப்பதால் ஒன்றுதான் என்று தோன்றும், ஆனால் அளவுகோல் வேறு. பழைய தீர்ப்பு நாட்களிலோ முடிவு அறிவிப்பு நாட்களிலோ இந்தப் பங்கு எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிடும்போது ஒரே அளவுகோலை இரண்டு பக்கமும் வைக்க வேண்டும்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஒவ்வொரு எக்ஸ்பைரியின் மொத்த வேரியன்ஸில் தீர்ப்பு நாளின் பங்கு என்ன? ஐந்து நாளில் பூஜ்யம். பத்து நாளில் 75 சதவீதம். முப்பது நாளில் 41. எழுபத்தைந்து நாளில் 24. எக்ஸ்பைரியைத் தேர்வு செய்யும்போது உண்மையில் நாம் தேர்வு செய்வது இந்த விகிதத்தைத்தான். பத்து நாள் ஆப்ஷன் கிட்டத்தட்ட தீர்ப்பின் மீது வைக்கும் பந்தயம். எழுபத்தைந்து நாள் ஆப்ஷனில் தீர்ப்பு ஒரு பகுதி மட்டுமே.

இந்த விகிதம் கையில் பணமாக எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். தீர்ப்புக்கு முந்தைய நாள் மாலை, பங்கு அதே 100-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் எக்ஸ்பைரியில் இப்போது மூன்று நாள் மிச்சம். அதன் 100 ஸ்ட்ரைக் கால் சுமார் 3.3. தீர்ப்பு வந்து, பங்கு அசையாமலே இருந்துவிட்டால் அந்தக் கால் 0.85-க்கு இறங்கும். முக்கால்வாசி ஒரே நாளில் போய்விட்டது. முப்பது நாள் எக்ஸ்பைரியின் அதே ஸ்ட்ரைக் கால் 4.7-லிருந்து 3.45-க்கு இறங்கும். நான்கில் ஒரு பங்குதான் இழப்பு. பிரீமியத்தின் மொத்தத் தொகை பின்னதில் அதிகம், ஆனால் தீர்ப்புக்காகக் கொடுத்த விலை அதில் பாதிதான்.

அந்த மாலையில் திரையைப் பார்த்தால் இன்னொன்று கண்ணில் படும். பத்து நாள் எக்ஸ்பைரியின் ஐ.வி. 46-லிருந்து சுமார் 76-க்கு ஏறியிருக்கும். யாரும் பயந்துபோய் வாங்கியதால் அல்ல. சாதாரண நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிய, தீர்ப்பு நாள் என்ற பெரிய கட்டி மிச்சமிருக்கும் கொஞ்ச நாட்களில் சராசரியாகப் பரவுகிறது. அதே 8 சதவீதம், வகுக்கும் எண் மட்டும் குறைந்துவிட்டது. "ஐ.வி. எகிறுகிறது, ஏதோ தெரிந்திருக்கிறது" என்று இதைப் பார்த்து முடிவு கட்டுவது மிகவும் சாதாரணமாக நடக்கும் பிழை.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு முன் பவுண்டு ஆப்ஷன்களில் இதே கணக்கு வேறு உருவில் தெரிந்தது. நாணயச் சந்தையில் ஒரு மாதம், இரண்டு வாரம், ஒரு வாரம் என்று நிலையான காலத்துக்கு விலை சொல்வார்கள். மே மாதத்தின் கடைசி வாரங்களில் ஒரு மாத ஆப்ஷனுக்குள் வாக்கெடுப்பு நாள் வந்து விழுந்தது, ஜூன் இரண்டாம் வாரத்தில் இரண்டு வார ஆப்ஷனுக்குள் விழுந்தது. அந்தந்தக் காலத்தின் ஐ.வி. அப்போது படியேறுவது போலக் குதிக்கும். அந்தக் குதிப்புக்குப் புதுச் செய்தி தேவையில்லை. புட் பக்கத்தின் விலை கால் பக்கத்தைவிட வெகுவாக ஏறியதுதான் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி. வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் பவுண்டு டாலருக்கு எதிராக 8 சதவீதம் அளவுக்கு விழுந்தது.

சரி, நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். முப்பது நாள் எக்ஸ்பைரியின் 36 என்ற எண்ணில் இன்னொரு செய்தி இருக்கிறது, எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இது. தீர்ப்பு ஒரே நாள் விஷயம், மறுநாளிலிருந்து எல்லாம் பழையபடி 24 என்று சந்தை நம்பினால் முப்பது நாள் ஐ.வி. என்னவாக இருக்க வேண்டும்? இருபத்தொன்பது சாதாரண நாளும் ஒரு 8 சதவீத நாளும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 33 வருகிறது. திரையில் இருப்பது 36. அந்த மூன்று புள்ளி எங்கிருந்து வந்தது?

முப்பது நாளின் மொத்த வேரியன்ஸிலிருந்து பத்து நாளின் மொத்தத்தைக் கழித்தால், பதினோராம் நாளிலிருந்து முப்பதாம் நாள் வரையிலான இருபது நாளுக்குச் சந்தை வைத்திருக்கும் தனி விலை கிடைக்கும். இதை ஃபார்வர்ட் வொலட்டிலிட்டி என்பார்கள். நம் எண்களில் அது சுமார் 30. அதே முறையில் முப்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடைப்பட்ட காலத்துக்குப் பார்த்தால் 25. அதாவது சந்தையின் பார்வையில் தீர்ப்பு நாள் ஒரு பெரிய அடி, அதற்குப் பிறகு நான்கு வாரம் ஓயாத ஆட்டம், அப்புறம்தான் இயல்பு நிலை. தோற்றால் இழப்பீட்டுத் தொகை எவ்வளவு, மேல்முறையீடு உண்டா, கடன் கொடுத்தவர்கள் என்ன சொல்வார்கள் என்ற கேள்விகள் அந்த நான்கு வாரத்தில்தான் வரும்.

இந்த 30-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. கழித்தல் செய்யும்போது பிழை பெருகும். முப்பது நாள் ஐ.வி.யில் ஒரு புள்ளி தவறினால் ஃபார்வர்டில் இரண்டு புள்ளி தவறும்: 36-க்குப் பதில் 35 என்றால் ஃபார்வர்ட் 28, 37 என்றால் ஏறக்குறைய 32. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி உள்ள ஆப்ஷனில் ஒரு புள்ளி என்பது சர்வ சாதாரணம். எனவே குறைந்தபட்ச எண்ணையும் அதிகபட்ச எண்ணையும் வைத்து இரண்டு முறை கணக்குப் போட வேண்டும். நம் உதாரணத்தில் மோசமான பக்கமாகப் போனாலும் 28 வருகிறது, 24-ஐவிடத் தெளிவாக மேலே. அதனால் அந்தச் செய்தியை நான் ஏற்றுக்கொள்கிறேன். 25, 26 என்று வந்திருந்தால் பேசாமல் விட்டிருப்பேன்.

அடிப்படை எண்ணான 24-லும் சந்தேகம் வரலாம். அந்த ஐந்து நாளுக்குள் வேறொரு நிகழ்வு, உதாரணமாக வட்டி விகித அறிவிப்பு, ஒளிந்திருந்தால் 24 என்பதே ஊதிய எண்ணாக இருக்கும். நல்ல வேளையாக, தீர்ப்பு நாள் கணக்கு இதற்கு அவ்வளவு ஆடாது. அடிப்படையை 28 என்று வைத்தாலும் 8 சதவீதம் 7.5 ஆகத்தான் குறைகிறது.

இதுவரை பார்த்தது எவ்வளவு ஆட்டம், எப்போது என்பது. எந்தப் பக்கம் என்பதை ஸ்க்யூ, அதாவது ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் ஐ.வி. மாறும் சாய்வு, சொல்லும். பங்கு 1 ரூபாய் நகர்ந்தால் சுமார் 25 பைசா நகரும் ஆப்ஷனை டெல்டா 25 என்பார்கள். டெல்டா 25 உள்ள புட்டின் ஐ.வி.யிலிருந்து டெல்டா 25 உள்ள காலின் ஐ.வி.யைக் கழிப்பது வழக்கமான அளவு. அந்த வித்தியாசத்தைப் பங்கின் இப்போதைய விலையை ஒட்டிய நடு ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யால் வகுத்துவிட வேண்டும் என்பது என் பழக்கம், இல்லையென்றால் ஐ.வி. பெரிதாக உள்ள எக்ஸ்பைரியில் வித்தியாசமும் பெரிதாகத் தெரிந்து ஏமாற்றும்.

ஐந்து நாள் எக்ஸ்பைரியில் புட் 25.5, கால் 22.5. வித்தியாசம் 3, நடு ஐ.வி. 24, விகிதம் 0.125. தீர்ப்பு சேராத எக்ஸ்பைரி என்பதால் இது இந்தப் பங்கின் இயல்பான சாய்வு என்று வைத்துக்கொள்ளலாம். பங்குகளிலும் குறியீடுகளிலும் பெரும்பாலும் கொஞ்சம் புட் பக்கச் சாய்வு இருக்கும். 1987 அக்டோபர் 19-ம் தேதி டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்த பிறகு குறியீட்டு ஆப்ஷன்களில் அது நிரந்தரமாகவே ஒட்டிக்கொண்டது. ஆகவே சாய்வு இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. இயல்பைவிட எவ்வளவு, எந்த எக்ஸ்பைரியில் என்பதுதான் பார்க்க வேண்டியது.

பத்து நாளில் புட் 49, கால் 44, விகிதம் 0.11. முப்பது நாளில் புட் 40, கால் 33, விகிதம் 0.19. எழுபத்தைந்து நாளில் புட் 32.5, கால் 28, விகிதம் 0.15. பத்து நாளைக் கவனியுங்கள். முக்கால்வாசி தீர்ப்பாகவே உள்ள எக்ஸ்பைரி, ஆனால் சாய்வு இயல்பைவிடக் கொஞ்சம் குறைவு. தீர்ப்பு மேலேயும் கொண்டுபோகலாம், கீழேயும் கொண்டுபோகலாம் என்று சந்தை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே விலை வைக்கிறது. வீழ்ச்சி பயம் முப்பது நாளில் வீங்கியிருக்கிறது. தீர்ப்பினால் வந்த சாய்வாக இருந்தால் அது பத்து நாளில்தான் பலமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்பதால், பயம் தீர்ப்புக்குப் பிந்தைய நான்கு வாரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஃபார்வர்ட் 30 சொன்ன அதே இடம். இரண்டு தனித்தனி அளவுகள் ஒரே காலத்தைக் காட்டும்போது நம்பிக்கை கூடுகிறது.

ஆனாலும் ஸ்க்யூவை இரண்டு விதமாகச் சோதித்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். முதலாவது, வித்தியாசம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? முப்பது நாளில் புட் நடுவைவிட 4 மேலே, கால் 3 கீழே. கால் மட்டுமே கீழே போயிருந்தால் அது பயமாக இல்லாமல், பங்கை வைத்திருக்கும் பெரிய கைகள் கால் விற்று வருமானம் பார்ப்பதாலும் இருக்கலாம். இரண்டாவது, நடு ஸ்ட்ரைக்கில் புட்டின் ஐ.வி.யும் காலின் ஐ.வி.யும் ஒன்றாக இருக்கின்றனவா? ஒன்றாக இல்லை என்றால் திரை கணக்கில் எடுத்த, எக்ஸ்பைரி நாளுக்கான பங்கின் ஃபார்வர்ட் விலை தவறு. டிவிடெண்ட் விட்டுப்போயிருக்கலாம், அல்லது பங்கைக் கடன் வாங்கி விற்பது கடினமாகி, அந்தச் செலவு புட் விலையில் ஏறியிருக்கலாம். அப்போது தெரியும் சாய்வு பயத்தினுடையது அல்ல, கணக்குப் பிழை.

தீர்ப்பு போன்ற வெற்றி-தோல்வி நிகழ்வில் வேறொரு வடிவமும் வரும். நடு ஸ்ட்ரைக்கின் ஐ.வி. அதன் இரண்டு பக்கத்து ஸ்ட்ரைக்குகளையும்விட மேலே நின்று, கோடு ஒரு மேடு போல வளையும். பங்கு 92-க்கோ 108-க்கோ போகும், 100-ல் நிற்காது என்று சந்தை நினைக்கும்போது இப்படி நடக்கும். அந்த மேட்டைப் பார்த்தால் 8 சதவீதம் என்பதைச் சராசரியாக எடுக்கக் கூடாது. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் நடக்கப்போகும் நகர்வாகவே எடுக்க வேண்டும். நடு ஸ்ட்ரைக் ஸ்ட்ராடில் விற்கிறவருக்கு இது மிகக் கெட்ட இடம்.

இனி எக்ஸ்பைரி. தீர்ப்பு 8 சதவீதத்தைவிடப் பெரிதாக அடிக்கும், அதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது என்பவருக்குப் பத்து நாள்தான் சரி. கலப்பு குறைவு, கொடுக்கும் பணம் அந்தக் கருத்துக்கே போகிறது. கருத்து தவறினால் முக்கால்வாசி போகும் என்பதை ஏற்று, அதற்கேற்ற அளவில் வாங்க வேண்டும். தீர்ப்பைப் பற்றிக் கருத்து இல்லை, நிறுவனம் அடுத்த மூன்று மாதத்தில் மெல்ல ஏறும் என்று நினைப்பவர் பத்து நாளையும் முப்பது நாளையும் தொடத் தேவையில்லை. எழுபத்தைந்து நாள் போதும், அல்லது தீர்ப்பு முடியும் வரை பொறுத்திருந்து வாங்கலாம்.

பங்கைக் கையில் வைத்துக்கொண்டு காப்பு தேடுகிறவருக்குத்தான் யோசனை அதிகம். பத்து நாள் புட் வாங்கினால் தீர்ப்பு நாள் அடிக்குக் காப்பு உண்டு, ஆனால் சந்தை பயப்படும் நான்கு வாரத்துக்கு இல்லை. முப்பது நாள் புட் இரண்டையும் மூடும், ஆனால் 40 ஐ.வி.க்கு வாங்க வேண்டும். நான் அந்த இடத்தில் இருந்தால் முப்பது நாள் புட்டை வாங்கி, இன்னும் கீழே உள்ள ஸ்ட்ரைக் ஒன்றில் புட்டை விற்றுச் செலவைக் குறைப்பேன். ஸ்க்யூ சாய்ந்திருக்கும்போது கீழ் ஸ்ட்ரைக் இன்னும் அதிக ஐ.வி.க்கு விலை போவதால் விற்கும் கைக்கு அது சாதகம். அந்தக் கீழ் ஸ்ட்ரைக்குக்கும் கீழே போனால் காப்பு இல்லை என்பது அதன் விலை. தீர்ப்பு முடிந்தபின் வாங்கிக்கொள்கிறேன், அப்போது ஐ.வி. 29-க்கு இறங்கிவிடும் என்பதும் ஒரு வழிதான், ஆனால் தீர்ப்பு பாதகமாக வந்தால் இந்த 29 கிடைக்காது. 29 என்பது எல்லா விளைவுகளுக்கும் சேர்த்த எண். தோற்ற பிறகு பங்கு கீழே இருக்கும், ஐ.வி. அதற்கு மேலே இருக்கும்.

ஐந்து நாள் ஆப்ஷனை விற்றுப் பிரீமியம் பார்க்கலாம், தீர்ப்புக்கு முன்பே முடிந்துவிடுகிறதே என்பவர்கள் உண்டு. 24 என்ற விலையில் தீர்ப்புக்கான கூலி ஒரு பைசாகூட இல்லை. சமரசச் செய்தி நான்காம் நாளே வந்துவிட்டால் முழு 8 சதவீதத்தையும் விற்றவர்தான் சுமப்பார்.

தேதி தள்ளிப்போவது இதன் மறுபக்கம். தீர்ப்பு பதினான்காம் நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டால் பத்து நாள் ஸ்ட்ராடிலுக்குள் வெறும் சாதாரண நாட்கள்தான் மிஞ்சும், 7.3 கொடுத்ததன் மதிப்பு இன்றைய நிலையில் 3.8. முப்பது நாள் ஆப்ஷனுக்கு ஒன்றும் ஆகாது. ஒத்திவைப்புக்கு வாய்ப்பு இருந்தால் 46 என்ற எண்ணே அதைக் கழித்துக்கொண்டு வந்திருக்கும். தீர்ப்பு பத்து நாளுக்குள் வர 70 சதவீதம்தான் வாய்ப்பு என்றால், வரும் நாளில் நகர்வு 8 அல்ல, 9.5. நேரத்தையும் பார்த்துவிட வேண்டும். எக்ஸ்பைரி நாளன்றே, சந்தை மூடிய பிறகு அறிவிப்பு வருகிறது என்றால் அந்த எக்ஸ்பைரிக்குள் நிகழ்வு இல்லவே இல்லை.

தீர்ப்புக்கு முந்தைய மாலை கணக்கை இன்னொரு முறை போட வேண்டும். பத்து நாள் எக்ஸ்பைரியின் ஐ.வி. 76-ல் நின்றால் எதுவும் மாறவில்லை, வெறும் நாட்கள் கழிந்திருக்கின்றன. 85-ல் நின்றால் மூன்று நாள் மொத்தத்திலிருந்து இரண்டு சாதாரண நாளைக் கழித்துப் பாருங்கள்: தீர்ப்பு நாளின் விலை 8-லிருந்து 9 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறது. 8-ஐவிடப் பெரிய அடி வரும் என்று பத்து நாளை வாங்கியவர், தன் காரணத்தில் எவ்வளவு ஏற்கெனவே விலைக்குள் வந்துவிட்டது என்று பார்த்து, வைத்திருப்பதா பாதியை விற்பதா என்று அப்போது முடிவு செய்யலாம்.